வால் எலும்பின் மேல் வந்த கட்டி

முதல் தடவை அது வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். தினமும் கம்பெனி பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய், ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சாய்மானம் இல்லாத மர முக்காலி. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. கழிவறைக்குப் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் அட்டை வாங்கவேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வால் எலும்பின் மேல் ஏதோ உறுத்தியது. பிட்டங்கள் இரண்டும் பிரியத் தொடங்கும் பிளவின் உச்சியில், சரியாக அந்த இடத்தில். முக்காலியின் குற்றம் என்று நினைத்து பழைய சட்டைத் துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். புதன்கிழமை அது பாக்கு அளவு வீங்கியது. வியாழக்கிழமை எலுமிச்சம்பழம். தொட்டால் நெருப்பு மாதிரி சூடு. பஸ்ஸில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. எதற்கும் பதறாதவள். பாவாடையை இறக்கிப் பார்த்ததும் சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதலா. இந்த எடத்துல பிசுல், கட்டின்னு சொன்னா மாலு, வெக்கக்கேடு. உங்க அப்பாகிட்டகூட வாயத் தொறக்காத."

"ஏம்மா? கையில வந்தா சொல்லுவ இல்ல?"

"கையும் இதுவும் ஒண்ணா?"

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெசர்தான் எல்லாம். ஐம்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை. தூரத்தில் நின்றே பார்த்தார். ஊசி போட்டார். கீல் நாற்றம் அடிக்கும் கறுப்புக் களிம்பு ஒரு டப்பியும் மாத்திரையும் கொடுத்தார். பிறகு என்னிடம் பேசாமல் அம்மாவிடம் கேட்டார்.

"பொண்ணு ஃபேக்டரிக்குப் போவுதா?"

"ஆமாங்கய்யா."

"வேலை விட்டதும் நேரா வூட்டுக்கு வருதா? இந்த எடத்துல புண்ணு சும்மா வராது. சுத்தம் இல்லாம இருந்தா வரும். இல்லன்னா வேற எதுக்காச்சும் வரும்."

அந்த 'வேற எதுக்காச்சும்' என்னவென்று புரிய எனக்கு இரண்டு விநாடி ஆனது. அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குப் போகிற பெண்களைப் பற்றி ஊரில் பேசாத பேச்சில்லை. சம்பளம் வாங்கி உதட்டுச் சாயம் வாங்கினாலே பெயர் கெட்டுவிடும்.

"நேரா வூட்டுக்குத்தான் வாரேன்" என்றேன். "வேணும்னா பஸ் டிரைவரக் கேளுங்க."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வீடு வரும்வரை என்னோடு நடக்காமல் பத்தடி முன்னால் நடந்தாள்.

ஊசியும் மாத்திரையும் கட்டியை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே சீழ் கட்டிக்கொண்டால் அதற்கு வெளியே போக வழி வேண்டும், மருந்து மட்டும் போதாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. முக்காலியில் இருந்தபோது சட்டென்று ஏதோ விட்டதுபோல் இருந்தது. வலி ஒரு நொடியில் பாதியாகக் குறைந்தது. அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. அடுத்த நொடி பாவாடை நனைந்தது. பிறகு நாற்றம்.

எனக்குப் பின்னால் பொத்தான் தைக்கிறவள் மூக்கைப் பொத்தினாள். சிரிப்புச் சத்தம் வரிசையாக நகர்ந்து போனது. சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. வந்து பார்த்து முகம் சுளித்து, பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். பின்வாசல் குப்பைத் தொட்டிகள் இருக்கும் பக்கம். நான் அவ்வளவு நீளக் கூடத்தின் நடுவில், பாவாடைக் கறையோடு முன்வாசல் வழியாகவே நடந்து வெளியே போனேன். யாரும் தடுக்கவில்லை.

உடைந்த கட்டி இரண்டு வாரத்தில் ஆறியது. ஆறிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். ஐந்து மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். இந்தத் தடவை டிரெசர் கத்தியால் சின்னதாகக் கீறி, மரத்துப்போக ஊசிகூடப் போடாமல், இரண்டு கட்டை விரலாலும் பிதுக்கினார். நான் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். மேலே பிளாஸ்திரி ஒட்டினார். "சுத்தமா வச்சிக்க சொன்னேன்ல" என்றார்.

நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிறவள். அந்தச் சொல் கத்தியைவிட அதிகமாகக் கீறியது.

அம்மா தன் பங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாள். கோழி, கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஏழு மாதம் சப்பென்று சாப்பிட்டேன். மூன்றாவது தடவை கட்டி வந்தது. இம்முறை காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தன. டிஸ்பென்சரிக்குக் கிளம்பிய அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க போவல. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அங்க ஆம்பள டாக்டர் இருப்பான்."

"டிரெசர் மட்டும் என்ன பொம்பளையா?"

நான் தனியாகவே பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற இடத்தில் "என்ன நோய்?" என்று மலாயில் கேட்டார்கள். எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். "பிட்டத்தின் மேல் கட்டி. மூன்றாவது தடவை" என்று அதே மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மெதுவாகச் சொன்னால் மறுபடி கேட்பார்கள், மறுபடி சொல்லவேண்டும். ஒரே தடவையாகச் சொல்லிவிடுவது மேல்.

அறுவை டாக்டர் இளம் வயதுச் சீனர். கூட ஒரு தமிழ் நர்ஸ். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி என்னைக் குப்புறப் படுக்கவைத்து, வேண்டிய இடம் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடினார். முதன்முதலாக ஒருவர் என் உடம்பை மரியாதையாகத் தொட்டது அப்போதுதான். டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்கே நடுக்கோட்டில் மூன்று சின்னக் குழிகள் இருக்கின்றன. ஊசிமுனை அளவு. யாராவது உன்னிடம் சொன்னார்களா?"

"யாரும் இவ்வளவு கிட்ட வந்து பார்க்கவில்லை, டாக்டர்."

அன்று மரத்துப்போக ஊசி போட்டு, நடுக்கோட்டைத் தொடாமல் சற்று ஒதுங்கி ஒரு பக்கமாகக் கீறிச் சீழை எடுத்தார். உள்ளே துணி நாடாவைத் திணித்துவிட்டு, ஆறு வாரம் கழித்து வா என்றார். போகவேண்டியதுதான் என்று பாவாடையைக் கட்டினேன். ஆனால் கால் நகரவில்லை.

"டாக்டர், இது ஏன் திரும்பத் திரும்ப வருது? அதைச் சொல்லாம நான் போகமாட்டேன்."

மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு படம் வரைந்தார். தோல் ஒரு கோடு. அதில் ஒரு குழி. குழிக்குக் கீழே ஒரு பை.

"முடி" என்றார். "உதிர்ந்த முடி இந்தப் பிளவில் வந்து தங்குகிறது. நீ உட்கார்ந்து எழும்போது இரண்டு பக்கமும் உரசுகிறது. உரசலில் முடி தோலைத் துளைத்து உள்ளே போகிறது, முள் ஏறுகிற மாதிரி. உள்ளே போன முடியை உடம்பு ஏற்காது. அதைச் சுற்றி ஒரு பை உண்டாகும். அதில் கிருமி சேர்ந்தால் சீழ். கீறினால் சீழ் போய்விடும். பையும் முடியும் குழியும் அங்கேயே இருக்கும். அதனால்தான் திரும்ப வருகிறது."

"சுத்தம் இல்லாததாலயா?"

"இல்லை. ராணுவத்தில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு வரும். லாரிக்காரர்களுக்கு வரும். நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் வரலாம். ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கும் உண்டு."

"வேற... கெட்ட சகவாசத்தால?"

மிஸ்ஸி முந்திக்கொண்டார். "எவன் சொன்னான் தங்கச்சி? அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். சுங்கை சிப்புட்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக டிஸ்பென்சரி. நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். டிரெசர் மேசையில் சீட்டை விரித்து வைத்தேன்.

"டிரெசரய்யா, இதுதான் எனக்கு வந்தது. முடி உள்ள போயிருக்கு. சுத்தத்தாலயும் வரல, வேற எதாலயும் வரல. எங்கம்மாகிட்ட நீங்க சொன்னத நீங்களே மாத்திச் சொல்லணும்."

அவர் முகம் கறுத்தது. "படிச்ச டாக்டர் சொன்னா சரிலா" என்றார். மாற்றிச் சொல்ல எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. ஆனால் அதன்பிறகு என்னைக் கண்டால் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து ஆப்பரேஷன். காயத்தின் சூடெல்லாம் தணிந்த பிறகு செய்தால்தான் பையை முழுதாக எடுக்கமுடியும் என்று காத்திருக்க வைத்தார்களாம். மயக்கம் கொடுத்து, குப்புறப் போட்டு, குழிக்குள் நீல மருந்தைச் செலுத்தி, நீலம் போன இடமெல்லாம் வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது பின்பக்கம் பெரிய பஞ்சுப் பொதி. மறுநாள் டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு கொத்து முடி. பெரும்பாலும் குட்டை. ஒன்று மட்டும் நீளம்.

"இது உன் தலைமுடி" என்றார்.

என் சடை அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து வளர்த்த சடை. லயத்துப் பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"வெட்டணுமா டாக்டர்?"

"வெட்டு என்று சொல்லமாட்டேன். தூக்கிக் கட்டினாலும் போதும். புண்ணைச் சுற்றியுள்ள முடியை வாரம் ஒருமுறை வழிக்கவேண்டும், அதுதான் முக்கியம்."

புண்ணைத் தைத்து மூடவில்லை. அப்படியே திறந்து விட்டிருந்தார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும், மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி பொந்து விழும் என்றார் மிஸ்ஸி. "ரெண்டு மாசம் ஆவும். மூணும் ஆவலாம். தெனமும் கழுவி, உள்ள துணி வைக்கணும். உன் கண்ணுக்குத் தெரியாத எடம். யார் செய்வா?"

முதல் பதினைந்து நாள் சுங்கை சிப்புட்டு கிளினிக்கில் செய்துகொண்டேன். பஸ்ஸுக்கு நடந்து போய் வருவதே புண்ணை உரசியது. மிஸ்ஸி ஒரு சனிக்கிழமை அம்மாவை ஈப்போவுக்கு வரச்சொன்னார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்தாள். மிஸ்ஸி கட்டைப் பிரித்ததும் அம்மா பார்த்தாள். என் நடுவிரல் நீளம், இரண்டு விரல் ஆழம். சிவப்பு.

"ஐயோ, எவ்ளோ பெரிய குழி" என்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, "எப்படி வைக்கணும், காட்டு மிஸ்ஸி" என்றாள்.

அன்றிலிருந்து அம்மாதான். மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொடுத்துவிட்டுப் பகலில் வருவாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவுவாள். நான் பாயில் குப்புறப் படுப்பேன். உப்பு நீரில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் தளர்வாக வைப்பாள். இறுக்கி அடைக்காதே என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். வாரம் ஒருநாள் புது பிளேடால் சுற்றிலும் வழிப்பாள். மரத்தில் பட்டையைக் காகிதம்போலச் சீவுகிற கை அது. ஒருநாளும் கீறல் விழவில்லை.

"சின்னதாவுது" என்பாள், தினமும் விரலை வைத்து அளந்துவிட்டு. வேறு பேச்சு இருக்காது.

சடையை நான் வெட்டியது ஐந்தாவது வாரம். ஈப்போவில் மருந்து வாங்கப் போனபோது ஒரு சீனச் சலூனில் நின்றபடியே வெட்டிக்கொண்டேன். உட்காரச் சொன்னார்கள், முடியாது என்றேன். தோள்வரை நின்றது. பின்கழுத்தில் காற்றுப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவுப் பலகையில் சாய்ந்து அழுதாள்.

"டாக்டர் வெட்டச் சொல்லலியே!"

"நான்தான் சொன்னேன். என் முடி என் முதுகுலயே குத்திச்சில்ல."

அதே வாரம் தெலுக் இந்தானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஆப்பரேஷனுக்கு முன்பே பேசி வைத்தது. அப்பாவின் தூரத்து உறவு. அம்மா முதல்நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். காப்பி கொடு, கும்பிடு, ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார், உள்ளே வந்துவிடு. முடி வெட்டியதற்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காப்பி கொடுத்தேன். கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கத்தில் பாயைத் தட்டி, "வாம்மா, உக்காரு" என்றார்.

"உக்கார முடியாதுங்க. இங்க கட்டி வந்து ஆப்பரேஷன் செஞ்சிருக்கு. புண்ணு இன்னும் ஆறல."

"இங்கன்னா எங்க?"

கையைப் பின்னால் வைத்துக் காட்டினேன். அப்பா காப்பியைத் தரையில் வைத்தார். அவருக்கு அப்போதுதான் இடம் தெரியும். வயிற்றில் ஏதோ கட்டி என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"திரும்ப வருமா?" என்று கேட்டது மாப்பிள்ளை.

"வரலாம். வராமலும் இருக்கலாம். வந்தா மறுபடி பாக்கணும்."

அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்தார்கள். வேண்டாம் என்ற செய்தி நான்கு நாளில் வந்தது. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் பகலில் வந்து, கை கழுவி, பேசாமல் புண்ணுக்குத் துணி வைத்தாள். எனக்கு வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். அந்தப் பையன் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். ஆனால் ஒளித்துவைத்துக் கல்யாணம் செய்து, பிறகு புருஷன் என்றைக்குக் கதவைச் சாத்துவானோ என்று காத்திருக்க என்னால் ஆகாது.

பத்தாவது வாரம் எம்சி, டாக்டர் எழுதிக்கொடுத்த விடுப்பு, முடிந்தது. தொழிற்சாலைக்குப் போனேன். என் முக்காலியில் வேறு பெண் இருந்தாள். சூப்பர்வைசர், வேலை இல்லை என்பதுபோல் கையை ஆட்டினார். நான் டாக்டர் கடிதத்தை நீட்டினேன். இன்னும் இரண்டு மாதத்துக்குத் தொடர்ந்து உட்காரக்கூடாது என்று எழுதியிருந்தது.

"உட்காராமல் எப்படித் தைப்பாய்?"

"தைக்கமாட்டேன். தைத்த துணியைச் சரிபார்க்கிற மேசையில் நின்று வேலை செய்வேன். அங்கே ஆள் பற்றவில்லை, எனக்குத் தெரியும்."

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, தாழ்ந்த குரலில், "என் தம்பிக்கும் இந்த இடத்தில்தான். வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். எந்த டாக்டர்?" என்று கேட்டார். சொன்னேன். மேசை கிடைத்தது.

நான்காம் மாதம் உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம். மறுபடியும் முதலிலிருந்தா என்று பஸ்ஸில் அழுதேன். டாக்டர் பார்த்துவிட்டு, புண்ணின் கீழ்முனையில் ஆறாத சிறு இடத்திலிருந்து இரண்டு முடியை இடுக்கியால் எடுத்தார். மேலே வளர்ந்திருந்த சதையை ஏதோ குச்சி மருந்தால் சுட்டார். "இரண்டு வாரம் வழிக்கவில்லை, இல்லையா?" என்றார். உண்மைதான். ஆறிவிட்டது என்று அம்மாவும் நானும் அசட்டையாகிவிட்டோம். மூன்று வாரத்தில் அதுவும் மூடிக்கொண்டது.

"இனி வராதா டாக்டர்?"

"வராது என்று எழுதித் தரமாட்டேன். வழித்துக்கொண்டே இரு. மணிக்கணக்காக உட்காராதே. வயது முப்பதைத் தாண்டினால் பெரும்பாலும் தானாகவே ஓய்ந்துவிடும்."

வரவில்லை. அடுத்த வருஷங்களில் கல்யாணமும் ஆனது. கட்டிக்கொண்டவரிடமும் முதல் சந்திப்பிலேயே சொன்னேன். தழும்பு இன்னும் இருக்கிறது, ஒரு வெள்ளைக் கோடு.

ஆப்பரேஷன் நடந்த வருஷக் கடைசியில் ஒருநாள் லயத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் இழுத்து இழுத்துக் கேட்டாள்.

"தெலுக் இந்தான்காரங்க ஏன் வேணாம்னு போய்ட்டாங்க? பொண்ணுக்கு ஏதோ சீக்காம்ல?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"சீக்கு இல்ல. குண்டிக்கு மேல கட்டி. முடி உள்ள பூந்து கட்டியாயிருச்சு. மூணு தடவ வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரில அறுத்து எடுத்துட்டாங்க. நான்தான் தெனமும் துணி வச்சேன். உன் வூட்டுக்காரர் லாரிதானே ஓட்டுறாரு? அவருக்கு அங்க வலின்னு சொன்னா டிரெசர்கிட்ட போவாத. என்கிட்ட வா, எங்க போவணும்னு சொல்றேன்."

குழாயடி முழுக்கக் கேட்டது. அக்கா தன் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அம்மா என் பாவாடையை எடுத்துப் பிழிந்தாள்.